மேற்படி

"நாலாம் பிளாக்ல யாரு பழம் பறிச்சா?"

நான் எடை போட்டு நோட்டு எழுதும் கொட்டகையின் வாசலில் நின்று என் வீட்டுக்காரர் இதைக் கேட்டபோது மணி பத்து. அவர் இந்தக் கொய்யாத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர். காலையில் தாமதமாகத்தான் வருவார், டேங்கைக் கழுவுவார், யாரிடமும் பேசமாட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை எண்ணினால் இரண்டு கை விரல்களே அதிகம். அப்படிப்பட்ட மனிதர் கேள்வி கேட்கிறார், அதுவும் முகம் வெளுத்துப்போய்.

"யாரு பறிச்சா உங்களுக்கென்ன? காலையில ஆறு மணிக்கே ஆள் இறங்கியாச்சு" என்றேன்.

"நேத்து சாயங்காலம் நாலாம் பிளாக்லதான் மருந்து அடிச்சேன்."

"அஞ்சாம் பிளாக்னு மருந்துப் பலகையில எழுதியிருக்கே?"

"காத்து திரும்பிடுச்சு. அஞ்சுல அடிச்சா குடியிருப்புப் பக்கம் வீசும்னு நாலுக்குப் போனேன். கிழக்கு வாசல்ல சிவப்புத் துணி கட்டினேன். பலகையில மாத்த மறந்துட்டேன்."

பறிக்கிற ஆட்களை ஏற்றிப்போகும் டிராக்டர் கிழக்கு வாசல் வழியாகப் போவதே இல்லை. மேற்கிலிருந்து உள்ளே நுழைந்து, நான்காம் பிளாக்குக்கும் ஆறாம் பிளாக்குக்கும் நடுவில் போகும் பாதையில் நிற்கும். துணியை யார் பார்த்தார்கள்? கொய்யாவைத் துளைக்கிற பூச்சிக்கு அவர் அடிக்கிற மருந்து பட்டால், பழம் பறிக்கப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். டப்பாவிலேயே போட்டிருக்கும். ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை.

லாரி, வியாபாரி, முதலாளி எதுவும் என் நினைவில் வரவில்லை. எடை மேடைக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தட்டுதான் கண்ணில் பட்டது.

விஷயம் இதுதான். பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒவ்வொன்றிலும் பழம் மட்டும் இருபது கிலோ இருக்க வேண்டும். கிரேட்டோடு எடை போடுவோம், வெறும் கிரேட்டின் எடையைக் கழிப்போம். இருபதுக்கு மேலே போனால் ஒன்றிரண்டு பழத்தை எடுத்துக் கீழே தட்டில் போடுவேன். அந்தப் பழம் எந்த நோட்டிலும் ஏறாது. வேலை செய்கிறவர்கள் தின்பார்கள், வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். காலை ஏழு இருபத்தைந்துக்குப் பள்ளிக்கூட வேன் எங்கள் கேட்டில் நின்று ஹாரன் அடித்தது. என் மகள், ஒன்றாம் வகுப்பு வாண்டு, வேனில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் ஓடி வந்தாள். நாற்பத்தோராம் நம்பர் கிரேட் அப்போது மேடையில் இருந்தது, நானூறு கிராம் கூட. நல்ல பழமாக இரண்டை எடுத்து, என் முந்தானையில் துடைத்து, என் கையாலேயே அவள் பையில் போட்டேன்.

"இண்டர்வல்ல தின்னு. கீழ போட்டு மிதிச்சே, வந்து தோலை உரிப்பேன்" என்றும் சொன்னேன். நான் பேசுகிற பேச்சு அப்படித்தான்.

இண்டர்வல் பத்தரைக்கு.

"நாற்பத்தொண்ணு எந்த பிளாக்?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு நோட்டை இழுத்தேன். தாள் விரலில் ஒட்டவே மாட்டேன் என்றது. வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

முதல் வரி: ஆறு முப்பது, நான்காம் பிளாக், ஒன்று முதல் பதினெட்டு. அடுத்த வரி: ஆறாம் பிளாக், பத்தொன்பது முதல் இருபத்தாறு. அடுத்தது: மேற்படி, இருபத்தேழு முதல் முப்பத்தாறு. அதற்கும் அடுத்தது: மேற்படி, முப்பத்தேழு முதல் நாற்பத்தாறு.

மேற்படி என்றால் மேலே உள்ளபடி. மேலே ஆறாம் பிளாக்.

"ஆறு!" என்று கத்திவிட்டேன். "வாண்டுக்குக் குடுத்தது ஆறாம் பிளாக் பழம்!"

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் சூப்பர்வைசர் வந்தார். தோட்டத்தில் எல்லோரும் அவரை விசில் சார் என்பார்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு விசில் வரும், பாதி விஷயம் அதிலேயே முடிந்துவிடும். அன்றைக்கு விசில் வரவில்லை. பறிக்கிற பெண்களில் இரண்டு பேர் தலைவலி, குமட்டல் என்று வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறார்களாம். வெயில் என்று நினைத்தாராம். மருந்து என்று கேட்டதும் அவருக்கும் பேயறைந்த முகம்.

"அவங்களைச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லி, துணியை மாத்தி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் சூப்பர்வைசரிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"சரி. நோட்டக்கா, நாலாம் பிளாக் சரக்கு எங்க போச்சு?"

நோட்டு எழுதுவதால் தோட்டத்தில் நான் நோட்டக்கா. டிஸ்பாட்ச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். வண்டி கிளம்பும்போது வாங்குகிறவர் பெயர், வண்டி நம்பர், கிரேட் நம்பர், மொத்த எடை, நேரம், டிரைவர் கையெழுத்து எல்லாம் அதில் எழுதி ஒரு பிரதியை நாங்கள் வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் பதினெட்டு: ஜூஸ் கம்பெனி லாரி, எட்டரை மணி, முந்நூற்று அறுபது கிலோ. விசில் சார் அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். லாரி இன்னும் கேட்டுக்குள்ளேயே போகவில்லையாம், வரிசையில் நிற்கிறதாம். "ஒரு கிரேட்டைக்கூட இறக்காதீங்க சார், கையெடுத்துக் கும்பிடறேன்" என்று போனைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஒரு கையால் கும்பிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் விலகினால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு, அதற்கு அடுத்தது கோபம். வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"ஒரு நிமிஷத்துல என் ஈரக்குலையைப் பிடுங்கிட்டீங்களே! பலகையில ஒரு நம்பரை மாத்த மறந்துட்டாராம்! என்னைப் பாருங்க, ஒரு நாளைக்கு இருநூறு கிரேட், ஒண்ணு தப்பியிருக்கா? இந்தா பாருங்க, நாற்பத்தொண்ணு. ஆறாம் பிளாக், பத்து கிரேட், வெறும் எடை ஒண்ணு எழுநூறு, நிகர எடை இருபது..."

"ஒண்ணு எழுநூறா?"

"ஆமா. கண்ணு தெரியலையா?"

"அது மஞ்சள் கிரேட் ஆச்சே."

எங்களிடம் இரண்டு வகை கிரேட் உண்டு. பழைய நீலம் இரண்டு கிலோ இருநூறு கிராம், புது மஞ்சள் ஒரு கிலோ எழுநூறு. அதனால்தான் வெறும் எடைக் கட்டத்தில் மட்டும் நான் மேற்படி போடுவதில்லை. கழித்தலில் தப்பு வரும்.

"மஞ்சள் எல்லாம் நேத்து நாலாம் பிளாக் தலைமாட்டுலதான் இறக்கினாங்க" என்றார் அவர். "மருந்து படக்கூடாதுன்னு நான்தான் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஆறாம் பிளாக்குக்குப் போனது எல்லாம் நீலம்."

நான் நோட்டைப் பார்த்தேன். ஆறாம் பிளாக் என்று எழுதிய வரியில் வெறும் எடை இரண்டு இருநூறு. அதற்குக் கீழே மேற்படி, மேற்படி. இரண்டிலும் ஒன்று எழுநூறு. அதன் பிறகுதான் மை என் கண்ணில் பட்டது. எல்லா வரியும் நீல மை. ஆறாம் பிளாக் வரி மட்டும் கறுப்பு. எழுத்தும் நெருக்கி நெருக்கி, கோட்டுக்கு நடுவில் நுழைத்த மாதிரி.

நுழைத்ததுதான். நான்தான் நுழைத்தேன்.

ஆறே முக்காலுக்கு டிராக்டர்காரன் ஆறாம் பிளாக்கின் எட்டு கிரேட்டைக் கொட்டகைக்குப் பின்னால் இறக்கிவிட்டு, அவனே நம்பர் அட்டையும் கட்டிவிட்டு, என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். எடை மேடையில் சாய்ந்து நிற்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்த நான் அதை எழுதாமல் விட்டேன். மேற்கொண்டு வந்ததை நான்காம் பிளாக் வரிக்குக் கீழேயே எழுதிக்கொண்டே போனேன், மேற்படி, மேற்படி என்று. எட்டு மணிக்கு லாரிக்கு நம்பரைக் கூப்பிடும்போதுதான் பத்தொன்பது முதல் இருபத்தாறு வரை நோட்டில் இல்லை என்று தெரிந்தது. அந்த எட்டையும் எடை போட்டு, நம்பர் வரிசை கெடக்கூடாது என்று விசில் சாரின் பேனாவை வாங்கி நடுவில் எழுதினேன். அழகாக இருக்கிறது என்று மெச்சிக்கொள்ளவும் செய்தேன். கீழே ஏற்கெனவே எழுதிய இரண்டு மேற்படியும் அந்த நொடியில் பிளாக் மாறிப்போனது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். எழுதினவள் நான்.

"நாலு" என்றேன். "நாற்பத்தொண்ணு நாலாம் பிளாக்."

மணி பத்து இருபத்தொன்று. இருபது நிமிடம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடியும். யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் வெளியே ஓடி பைக்கை உதைத்தார். அது வழக்கம்போல ஐந்தாவது உதையில்தான் உயிர் பிடித்தது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வாசலில் விசில் சார் குறுக்கே வந்து நின்றார்.

"நோட்டக்கா, நம்பர் சொல்லிட்டுப் போங்க."

"வழி விடுங்க சார்! என் புள்ள!"

"எனக்குத் தெரியும்மா. ஆனா அந்தக் கறுப்பு மை வரிக்கு எது மேல எது கீழன்னு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மிச்ச கிரேட் போன இடத்துலயும் புள்ளைங்க இருக்கும்."

பைக் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்த ஆளைத் தள்ளிவிட்டு ஓடத்தான் நினைத்தேன், சத்தியமாக. கையில் நோட்டும் சீட்டுப் புத்தகமும் இருந்தன, நின்றபடியே விரலை வைத்துச் சொன்னேன்.

"இருபத்தேழுல இருந்து முப்பத்தாறு, மார்க்கெட் மொத்தக் கடை வேன், எட்டு அம்பது. முப்பத்தேழுல இருந்து நாற்பத்தாறு, மாணவர் விடுதி சமையலறை, ஒன்பதே கால். பத்தும் பத்தும் இருபது. எல்லாம் மஞ்சள் கிரேட், எல்லாம் நாலாம் பிளாக். கறுப்பு மை எட்டு நல்ல சரக்கு, நீலம், அதைத் தொட வேணாம். லாரியில பதினெட்டு. மொத்தம் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டும் வரணும் சார். முதல்ல விடுதிக்குப் போன் போடுங்க, மார்க்கெட் அப்புறம்."

"முப்பத்தெட்டு" என்று திருப்பிச் சொல்லி அவர் வழி விட்டார்.

பைக்கில் ஏறியபோது வீட்டுக்காரர் மருந்து டப்பாவை என் மடியில் வைத்தார். "லேபிள் கிழியாம பாத்துக்கோ. டாக்டர் கேப்பாங்க." வழியெல்லாம் அந்த டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைக்கு நான் கொண்டுபோகிற சாமான் இதுதானா என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அழுதால் வண்டி தடுமாறும் என்று பல்லைக் கடித்தேன். ஒரு லெவல் கிராசிங் மூடியிருந்தது. ரயில் எங்கேயோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அந்தக் கேட்டின் முன்னால் நின்றபோது வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. அவர் நம்பரை மாற்றாமல் விட்டார். நான் நம்பரை நடுவில் செருகினேன். யார் யாரைத் திட்டுவது?

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது பத்து ஐம்பது. மைதானத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. இண்டர்வல் முடிந்திருந்தது.

வகுப்பு வாசலில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து டீச்சர் எழுந்துவிட்டார். வாண்டு மூன்றாவது வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தாள்.

"பழம் தின்னியா?"

"ம்."

"ரெண்டுமா?"

"ஒண்ணுதான்மா. இன்னொண்ணு பைல இருக்கு. கீழ போடலம்மா, நெஜமா! மிதிக்கல!" அவள் பயந்துவிட்டாள். தோலை உரிப்பேன் என்று காலையில் சொன்னவள் கண்முன்னால் வந்து நிற்கிறாளே.

"யாருக்காவது குடுத்தியா? காக்காக் கடிகூடக் கடிச்சுக் குடுக்கலையே?"

"பக்கத்துல இருக்கறவ கேட்டா. நான் குடுக்கல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். குடுக்கலை என்றால் வீட்டில் நான் திட்டுவேன்.

அவளை வாரி எடுத்தேன். கழுத்தெல்லாம் ஈரம். வேர்த்திருக்கிறது. விளையாடின வேர்வையா, மருந்து வேலை செய்கிற வேர்வையா? எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டுக்காரர் அவள் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எச்சில் அதிகமாக ஊறுகிறதா, கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மருந்து அடிப்பவர்களுக்கு நடத்திய வகுப்பில் சொன்னார்களாம். அந்த அவசரத்தில் அவர் எதைப் பார்த்தார், எதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. டாக்டர் நடுத்தர வயது அம்மாள். டப்பாவை வாங்கி லேபிளை ஒரு தடவை படித்தார், திருப்பி மறுபடியும் படித்தார்.

"எப்ப அடிச்சது?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து ஆறரை வரைக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"பறிச்சது?"

"இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு முன்னாடி" என்றேன் நான். "எடை போட்டது ஏழு இருபத்தஞ்சு. தின்னது பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவுல."

"எவ்வளவு?"

"ஒரு பழம். ரெண்டும் சேர்ந்து நானூறு கிராம், ஒண்ணு சுமார் இருநூறு. தோலோட. கழுவல. நான் துணியில துடைச்சேன், அவ்வளவுதான்." பையிலிருந்து மற்ற பழத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சரியா யாரும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அவர் வாண்டுவின் கண்ணில் டார்ச் அடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், நாடியைப் பிடித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "இப்போதைக்கு அறிகுறி ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா இனிமே வரலாம். இங்கயே படுக்க வெச்சுப் பாக்கணும். மாத்து மருந்து தயாரா வெச்சுக்கறேன். வாந்தி, எச்சில், மூச்சுத் திணறல், எது வந்தாலும் உடனே போடணும்" என்றார்.

என் போன் அடித்தது. விசில் சார். "நோட்டக்கா, முப்பத்தெட்டும் பிடிச்சாச்சு. விடுதியில கழுவி அறுக்கப் போயிருக்காங்க, நல்லவேளை, கத்தியை வெக்கல. பாப்பா எப்படி இருக்கா?" நான் போனை வைத்துவிட்டேன். முப்பத்தெட்டு கிரேட்டும் திரும்பி வருகிறது. தட்டில் விழுந்த பழம் எந்த நோட்டில் இருக்கிறது, திருப்பிக் கூப்பிட?

நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். "மருந்து அளவு போடணும். குழந்தையோட எடை?"

நான் வாயைத் திறந்தேன்.

வரவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எடை என்றால் அது என் இலாகா என்பதுபோல.

"கடைசியா எப்ப எடை பாத்தீங்க?"

பால்வாடியில் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து எத்தனை கிரேட்டை ஏற்றி இறக்கி கிராம் சுத்தமாக எழுதினேன், ஐம்பது கிராம் தள்ளினால் எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"தெரியாது" என்றேன்.

"பெத்த தாய்க்குத் தெரியாதாம்மா?" என்றாள் நர்ஸ். வேறு நாளாக இருந்தால் அவள் வேலையை விட்டே ஓடியிருப்பாள். அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூலையில் ஒரு எடை மேடை இருந்தது. எங்களுடையதில் பாதி அளவு. செருப்பைக் கழற்றி வாண்டுவை அதன்மேல் நிறுத்தினேன். காலுக்குக் கீழே சில்லென்று இருந்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. நம்பர் ஏறியது, இறங்கியது, நிலைக்கவே இல்லை.

"கையை எடுங்கம்மா. பிடிச்சிருந்தா சரியான எடை காட்டாது" என்றாள் நர்ஸ்.

எனக்கு அது தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படியும் என் கை வரவில்லை.

"அம்மா, விடு, நான் விழ மாட்டேன்" என்றாள் வாண்டு.

விட்டேன். அசையாமல், கையை இரண்டு பக்கமும் ஒட்டிவைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றாள்.

"பதினேழு நானூறு" என்று வாசித்தேன். ஒரு கிரேட் பழத்தைவிடக் குறைவு. நர்ஸ் எழுதிக்கொண்டாள்.